மிளகுக்கு ஊர் எது?

ரம்புக்கனைப் பக்கத்து மிளகு இந்தியாவுக்குப் போகும்போது அதனுடன் ஒரு கடதாசியும் போகிறது. இந்த மிளகு இலங்கையில் விளைந்தது என்று அந்தக் கடதாசி சொல்கிறது. நம் வர்த்தகர்கள் அதை 'ஒரிஜின் சேர்டிபிகட்' என்பார்கள். தமிழில் மூலச் சான்றிதழ் எனலாம். அக்கரையில் மிளகு வாங்குபவர் அதை எப்படிக் கேட்கிறார், எப்போது கேட்கிறார், என்னவென்று கேட்கிறார் என்பவற்றைப் பற்றியே இக்கட்டுரை. சான்றிதழைக் கேட்பது சம்பிரதாயமான காரியமாக நமக்குத் தோன்றுகிறது. சரக்கைப் பேசி, விலையைப் பேசி, முற்பணமும் அனுப்பிய பின்னர், மின்னஞ்சலின் கடைசி வரியில் 'சான்றிதழும் அனுப்பி வைக்கவும்' என்று எழுதிவிடுகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது என்பது எனது கருத்து.

முதலில் பணக் கணக்கைப் பார்ப்போம். விருதுநகர் மொத்த வியாபாரி ஒருவர் கொழும்பு ஏற்றுமதியாளர் ஒருவரிடம் பத்துத் தொன் கறுப்பு மிளகு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிலோ இந்திய ரூபாவில் 700 என்றால் சரக்கின் பெறுமதி 70 இலட்சம். சலுகை எதுவும் இல்லாமல் வந்தால் மிளகுக்கு இந்தியாவின் அடிப்படைச் சுங்கவரி 70 சதவீதம். அதாவது 49 இலட்சம். தெற்காசிய சுதந்திர வர்த்தக உடன்படிக்கையான சாஃப்டாவின் கீழ் வந்தால் 8 சதவீதம். 5 இலட்சத்து 60 ஆயிரம். 1998 டிசம்பரில் கைச்சாத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் கீழ், ஆண்டுக்கு 2500 தொன் என்ற ஒதுக்கீட்டுக்குள் வந்தால் சுங்கவரியே இல்லை. மேல்வரிகளை நான் இங்கே சேர்க்கவில்லை. ஒரே மிளகு, ஒரே சாக்கு, ஒரே கப்பல். வரி மட்டும் சுழியத்திலிருந்து 49 இலட்சம் வரை மாறுகிறது. மாற்றுவது அந்த ஒற்றைக் கடதாசி.

ஆகவே 'மூலச் சான்றிதழ் அனுப்புங்கள்' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பது ஆபத்தானது. இலங்கையில் அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட சான்றிதழ்கள் உண்டு. இலங்கை வர்த்தக சம்மேளனம் போன்ற சம்மேளனங்கள் வழங்குவது ஒரு வகை. பொருள் இன்ன நாட்டுடையது என்று அது சொல்லும். வங்கிக்கும் சில நாடுகளின் சுங்கத்துக்கும் அது போதும். ஆனால் அதைக் காட்டி வரிச்சலுகை பெற முடியாது. சலுகைக்குரிய சான்றிதழை வழங்குவது கொழும்பிலுள்ள வர்த்தகத் திணைக்களம். அங்கேயும் இந்திய-இலங்கை உடன்படிக்கைக்கு ஒரு படிவம், சாஃப்டாவுக்கு வேறொரு படிவம். எந்த உடன்படிக்கையின் கீழ் சலுகை கோரப் போகிறோம் என்பதை வாங்குபவர் முதலில் தீர்மானித்து, அதன் பெயரை எழுதிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் விற்பவர் தமக்கு எளிதாகக் கிடைப்பதை அனுப்பிவிடுவார். அவர் மீது குறை சொல்ல முடியாது. அவரிடம் கேட்கப்பட்டதும் 'ஒரு சான்றிதழ்' தானே. கப்பல் தூத்துக்குடியை அடைந்த பிறகு படிவம் மாறிவிட்டதென்று கண்டுபிடித்து, பண்டசாலை வாடகை ஏறிக்கொண்டிருக்க, கொழும்புக்குத் தொலைபேசி எடுப்பதில் பயன் குறைவு.

இரண்டாவது விடயம் இதைவிடக் கனமானது. சான்றிதழ் சரியான படிவத்தில் இருக்கிறது, முத்திரை இருக்கிறது, கையொப்பம் இருக்கிறது. அது சொல்வது உண்மையா?

இந்தக் கேள்வி வெறும் சந்தேகப் புத்தியால் எழுந்ததன்று. 2017ஆம் ஆண்டளவில் வியட்நாம் மிளகு இலங்கைக்கு வந்து, இங்கிருந்து இலங்கை மிளகு என்ற பெயரோடு இந்தியாவுக்குப் போகிறது என்ற குற்றச்சாட்டு பலமாக எழுந்தது. கேரளத்திலும் குடகிலும் மிளகுச் செய்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். பாக்கு விடயத்திலும் அதே கதை பேசப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் இந்தியா மிளகுக்குக் கிலோ 500 ரூபா என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை விதித்தது. 2018 மார்ச்சில் அதற்குக் கீழான விலையில் இறக்குமதி செய்வதையே தடைசெய்தது. இலங்கை அரசும் மீள் ஏற்றுமதிக்காக மிளகு இறக்குமதி செய்வதை நிறுத்தும் முடிவுக்கு வந்தது. அந்நாட்களில் நம் கிராமங்களில் மிளகு விலை சரிந்தது. உலகச் சந்தையிலும் அப்போது விலை வீழ்ந்துகொண்டிருந்தபடியால் முழுப் பழியையும் பொய்ச் சான்றிதழ் மீது சுமத்துவது நியாயமாகாது. ஆனால் ஒன்று நிச்சயம். வெளியூர் மிளகு நம்முடைய பெயரில் போகும்போது, நம்முடைய மிளகின் பெயர் கெடுகிறது. உண்மையான மிளகையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள். கேகாலை மாவட்டத்தில் வீட்டுத் தோட்டத்தில் கிளிரிசிடியா மரத்திலும் பாக்கு மரத்திலும் கொடி ஏற்றி வைத்திருப்பவர், தோட்ட லயத்தின் பின்புறத்தில் நான்கு கொடி வளர்ப்பவர், இவர்கள்தான் அந்தச் சந்தேகத்தின் விலையைக் கட்டுகிறார்கள்.

அதன் விளைவாக வந்த சட்டமே இன்று வாங்குபவரின் தலைமேல் இருக்கிறது. 2020 செப்டெம்பர் 21 முதல் இந்தியச் சுங்கத்தில் 'கரோட்டர்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் விதிகள் நடைமுறையில் உள்ளன. அவ்விதிகளுக்கு அடிப்படையாகச் சுங்கச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு தெளிவாகவே சொல்கிறது: சான்றிதழைச் சமர்ப்பித்துவிட்டால் மட்டும் இறக்குமதியாளரின் பொறுப்பு தீர்ந்துவிடாது, அவர் நியாயமான கவனத்தோடு நடந்திருக்க வேண்டும். பொருள் எப்படி அந்நாட்டில் உருவானது என்ற விபரங்களைக் குறித்த படிவத்தில் வைத்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் பேண வேண்டும். அதிகாரி கேட்டால் பத்து வேலைநாட்களுக்குள் கொடுக்க வேண்டும். அதிகாரிக்குத் திருப்தி ஏற்படாவிட்டால் கேள்வி இலங்கையின் வர்த்தகத் திணைக்களத்துக்கு வரும். அதுவரை சலுகை நிறுத்தி வைக்கப்படலாம். சரக்கை விடுவிக்க வேண்டுமானால் வரி வித்தியாசத்துக்கு ஈடு கட்ட வேண்டும். நமது உதாரணத்தில் அது பத்துத் தொன் மிளகுக்கு அரைக்கோடிக்குச் சற்றுக் குறைவான தொகை.

பத்து வேலைநாட்களுக்குள் ஒரு விருதுநகர் வியாபாரி கேகாலைக் கிராமத்துக் கதையை எங்கே தேடுவார்? ஆகவே சான்றிதழைக் கேட்கும்போதே அதன் பின்னால் நிற்கும் ஆதாரத்தையும் கேட்டு வாங்கிவிட வேண்டும். அந்த ஆதாரம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள மிளகின் பாதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மிளகு பெருந்தோட்டப் பயிராக ஒரே இடத்தில் விளைவதில்லை. ஒருவரிடம் முப்பது கொடி, இன்னொருவரிடம் நூறு கொடி. பறித்த பச்சை மிளகைச் சிலர் அப்படியே விற்றுவிடுவார்கள். சிலர் கொதிநீரில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்து, மூன்று நான்கு நாட்கள் வெயிலில் காயவைத்து விற்பார்கள். ஏறக்குறைய மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்து ஒரு கிலோ ஆகும். பத்துத் தொன் காய்ந்த மிளகுக்கு முப்பது தொன் பச்சை மிளகு வேண்டும். ஒரு கொடிக்கு ஒரு கிலோ காய்ந்த மிளகு என்று வைத்தால் பத்தாயிரம் கொடிகள். வீட்டுக்கு ஐம்பது கொடி என்றால் இருநூறு வீடுகள். இந்த இருநூறு வீட்டு மிளகும் நகரத்துக் கடை முதலாளிமார் சிலரிடம் வந்து சேர்கிறது. மிளகு, கராம்பு, பாக்கு, கொக்கோ வாங்கப்படும் என்று பலகை மாட்டிய கடைகள் அவை. அங்கிருந்து லொறியில் கொழும்பு போகிறது.

ரம்புக்கனைக்கு அயலிலுள்ள ஒரு கடை முதலாளியிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது: "கடதாசி கொழும்பில அடிக்கிறது சேர். மிளகு காய்றது இங்க." இதைவிடச் சுருக்கமாகப் பிரச்சினையைச் சொல்ல எனக்குத் தெரியாது. சான்றிதழை வழங்கும் அதிகாரி கொடியைப் பார்ப்பதில்லை. ஏற்றுமதியாளர் சமர்ப்பிக்கும் விண்ணப்பத்தையும் பத்திரங்களையும் வைத்தே அவர் கையெழுத்திடுகிறார். அந்த ஏற்றுமதியாளருக்கோ கடை முதலாளியின் வாய்வார்த்தை. கடை முதலாளிக்கு, மூட்டையைச் சுமந்து வந்தவரின் முகம். எழுத்தில் எதுவுமே இல்லாத இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில்தான் முத்திரை விழுகிறது.

உடன்படிக்கையின் விதியும் இங்கே நினைவிற் கொள்ளத்தக்கது. மிளகுக்கு உரிய அளவுகோல் எளிமையானது: அது அந்நாட்டில் விளைந்து அறுவடை செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். வெளிநாட்டு மிளகை இங்கே கொண்டுவந்து சுத்தம் செய்தாலோ, தரம் பிரித்தாலோ, புதுச் சாக்கில் நிரப்பினாலோ அது இலங்கை மிளகு ஆகிவிடாது. அரைத்துத் தூளாக்கினாலும் ஆகாது. ஏனென்றால் வெளிநாட்டு மூலப்பொருளிற் செய்த பொருளுக்குச் சலுகை வேண்டுமானால், உள்நாட்டுப் பெறுமதிச் சேர்ப்பு 35 சதவீதம் இருப்பதோடு, சுங்க அட்டவணையின் நான்கு இலக்கத் தலைப்பும் மாறியிருக்க வேண்டும். முழு மிளகும் மிளகுத் தூளும் 0904 என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் வருகின்றன. 'இங்கே அரைத்தோம், பெறுமதி சேர்த்தோம்' என்று யாராவது சொன்னால், அந்தப் பதிலே வினாவுக்குரியது.

அப்படியானால் வாங்குபவர் என்ன எழுதிக் கேட்க வேண்டும்? விலை பேசும் முதற் கடிதத்திலேயே, கொள்வனவுக் கட்டளையின் நிபந்தனையாக, இவ்வாறு எழுதலாம் என்பேன்:

"இந்திய-இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் கீழ், இலங்கை வர்த்தகத் திணைக்களம் வழங்கும் மூலச் சான்றிதழ் எமக்குத் தேவை. மிளகு முழுவதும் இலங்கையில் விளைந்தது என்ற அளவுகோல் அதில் குறிக்கப்பட வேண்டும். இத்தொகுதி எந்தப் பிரதேசங்களிலிருந்து, எந்த மாதங்களில், எந்தச் சேகரிப்பாளர்களிடம், எத்தனை கிலோ வீதம் வாங்கப்பட்டது என்ற பட்டியலையும், அவர்களுக்குக் கொடுத்த பற்றுச்சீட்டுகளின் பிரதிகளையும் இணைக்கவும். காயவைத்தல், சுத்தம் செய்தல் ஆகியவை எங்கே நடைபெற்றன என்பதைச் சுருக்கமாக எழுதவும். வரைவுச் சான்றிதழைக் கப்பலேற்றுமுன் எமக்கு அனுப்பி, எமது இணக்கத்தைப் பெற்ற பின்னரே சமர்ப்பிக்கவும்."

கடைசி வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அதுதான் அதிகம் காப்பாற்றும். சான்றிதழில் நிறையோ விலைப்பட்டியல் இலக்கமோ பிழைத்துவிட்டால் பேனாவால் திருத்தி அனுப்பும் பழக்கம் நம்மிடம் உண்டு. வழங்கிய அதிகாரியின் உறுதிப்படுத்தல் இல்லாத திருத்தம் இருந்தாலே அந்தச் சான்றிதழின் மீதான சலுகையை இந்தியச் சுங்கம் மறுக்கலாம். உண்மையான ரம்புக்கனை மிளகு, ஒரு பேனாக் கோட்டினால் 70 சதவீத வரிக்குள் விழுந்துவிடும்.

விபரங்கள் வந்த பிறகு பொய் இருந்தால் எப்படிக் கண்டுகொள்வது? சான்றிதழைத் தனியே வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மற்றக் கடதாசிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மிளகுக்கு இந்தியா தாவர சுகாதாரச் சான்றிதழும் கேட்கிறது. அதை வழங்குவது வேறொரு அலுவலகம். தாவரத் தனிமைப்படுத்தல் சேவை. அதிலும் பொருள் விளைந்த இடம் என்று ஒரு கட்டம் உண்டு. வேற்று நாட்டுப் பொருளை மீள் ஏற்றுமதி செய்யும்போது அதற்கெனத் தனியான சான்றிதழ் வகை உண்டு. அதில் மூல நாட்டின் பெயர் வரும். ஒரு அலுவலகத்தின் கடதாசி இலங்கை என்கிறது, மற்ற அலுவலகத்தின் கடதாசி மீள் ஏற்றுமதி என்கிறது என்றால் மேற்கொண்டு விசாரிக்கவே தேவையில்லை. இரண்டிலும் கப்பற் பத்திரத்திலும் நிறையும் மூட்டை எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அதன் பின்னர் பொது அறிவு. அறுவடைக்கு முந்திய மாதத்தில், மழைக்காலத்தில், ஒரு சிறு பிரதேசத்திலிருந்து இருபது தொன் மிளகு ஒரே சீராக, ஒரே பருமனில், உள்ளூர்ச் சந்தை விலைக்கும் கீழே கிடைக்கிறதென்றால், அது இருநூறு வீட்டு முற்றத்தில் காய்ந்த மிளகா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வெவ்வேறு முற்றத்து மிளகு ஒன்று சேர்ந்தால் அதில் சீரின்மை தெரியத்தான் செய்யும்.

தரச் சான்றிதழைப் பற்றியும் சொல்லாமல் முடிக்க முடியாது. இதிலும் கேட்கும் முறையிலேயே விடயம் இருக்கிறது. ஆய்வுகூட அறிக்கைகளின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வாக்கியம் இருக்கும்: முடிவுகள் வாடிக்கையாளர் சமர்ப்பித்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். விற்பவர் தம் கையால் பொறுக்கியெடுத்த இருநூறு கிராம் மிளகின் ஈரப்பதன் பதினொரு சதவீதம் என்பதால், பத்துத் தொன்னும் அப்படியே என்று ஆகாது. ஆகவே மாதிரியை ஆய்வு நிறுவனமே தொகுதியின் பல மூட்டைகளிலிருந்தும் எடுத்து முத்திரையிட வேண்டும் என்று கேட்க வேண்டும். தொகுதி இலக்கம் அறிக்கையிலும் சாக்கிலும் ஒன்றாக இருக்க வேண்டும். எதைச் சோதிக்க வேண்டும் என்பதை மிளகு போகும் நாடு தீர்மானிக்கிறது. எண்ணெய்ச் சாறு பிழியும் கேரளத்துத் தொழிற்சாலைக்கு இலேசான மிளகே போதும். அது பார்ப்பது பைப்பரின் எனும் காரச் சத்தையும் எண்ணெயையும். கடையில் முழு மிளகாக விற்பவருக்கு ஒரு லீற்றர் மிளகின் நிறை 500 கிராமா, 550 கிராமா என்பது முக்கியம். ஈரப்பதன் 12, 13 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். ஐரோப்பாவுக்கானால் பூஞ்சண நஞ்சான அஃப்ளடொக்சினுக்கு மிக இறுக்கமான எல்லை: பி1 வகை கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், மொத்தம் 10. 'தரச் சான்றிதழ் அனுப்பவும்' என்று மட்டும் எழுதினால், இவற்றுள் எதுவும் இல்லாத ஒரு கடதாசி வந்து சேரும்.

இவ்வளவையும் கேட்பது சிறியவர்களின் கழுத்தை நெரிப்பதாகாதா என்று சிலர் என்னிடம் வாதிட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. நான்கு கிலோ மிளகு கொண்டுவரும் ஒருவரிடம் காணி உறுதி கேட்பது அநீதி. நானும் அதைச் சொல்லவில்லை. கடை முதலாளியிடம் ஒரு கொப்பி இருந்தால் போதும். திகதி, கொண்டுவந்தவரின் பெயர், கிராமம், கிலோ, பச்சையா காய்ந்ததா, கொடுத்த விலை. நாளுக்கு இருபது வரி. இந்தக் கொப்பியின் பிரதிக்காக வாங்குபவர் கிலோவுக்குச் சிறிது கூட்டிக் கொடுக்க வேண்டும். ஏனென்றால் 49 இலட்சம் வரியிலிருந்து அவரைக் காப்பாற்றப் போவது அதுதான். கேட்பவர் செலவை ஏற்காமல் கேட்பதால்தான், கொடுப்பவர் உழைக்காமல் கொடுக்கிறார். கொப்பியும் கள்ளமாக எழுதப்படலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இருநூறு பெயர்களையும் கிராமங்களையும் பொய்யாக எழுதி, விசாரணை வரும்போது அத்தனையையும் நிரூபிப்பது, ஒரு பொய்க் கையொப்பம் பெறுவதைவிட எவ்வளவோ கடினம்.

வர்த்தகத் திணைக்களமும் ஏற்றுமதி விவசாயத் திணைக்களமும் இதில் செய்ய வேண்டியது உண்டு. பின்னதின் விரிவாக்க உத்தியோகத்தர்கள் மாவட்டங்களில் இருக்கிறார்கள். எந்தப் பிரதேசத்தில் எவ்வளவு கொடி, எந்தப் பருவத்தில் எவ்வளவு விளைச்சல் என்பது அவர்களுக்குத் தெரிந்த சங்கதி. ஒரு பிரதேசத்தின் விளைச்சலுக்கு மேலாக அப்பிரதேசத்தின் பெயரில் சான்றிதழ் கோரப்பட்டால், கொழும்பில் கையெழுத்திடுபவரின் மேசையில் அது தெரியவர வேண்டும். இது பெரிய தொழில்நுட்பம் அன்று. இரண்டு திணைக்களங்கள் ஒன்றோடொன்று பேசுவதே.

அதுவரை, கேட்பவர்தான் காவலாளி. அவர் முத்திரையைக் கேட்டால் முத்திரை கிடைக்கும். மிளகின் ஊரைக் கேட்டால், இன்றில்லாவிட்டாலும் அடுத்த போகத்திலாவது, ஒரு கடை முதலாளி கொப்பி வாங்கி எழுதத் தொடங்குவார்.